நனைந்த அரிசிக்கு இரண்டு தரம் வரி கழிக்கலாமா?

2021 ஜூலை 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு லண்டனில் சில மணித்தியாலத்துக்குள் கொட்டிய மழையில் வீதிகளும் நிலக்கீழ் அறைகளும் நிரம்பின. என்னுடைய மாமாவின் பலசரக்குக் கடையிலும் கீழே இருந்த ஸ்டோர் ரூமுக்குள் கழிவுநீர் கலந்த தண்ணீர் ஏறிவிட்டது. அரிசி, மா மூட்டைகள், பருப்பு, தேங்காய்ப்பால் டின்கள், மிக்ஸர், முறுக்குப் பெட்டிகள் எல்லாம் போச்சு. மாமா எனக்கு போன் பண்ணிச் சொன்னது இதுதான்: "தம்பி, முப்பதாயிரம் பவுண்ஸ் சாமான். காப்புறுதி தரும்தானே? தராட்டி வரியில கழிக்கலாம்தானே?"

நான் மென்பொருள் பொறியியலாளர், கணக்காளர் இல்லை. ஆனாலும் நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான். பெற்றோரோ மாமாவோ கடை வைத்திருந்தால் ஆங்கிலக் கடிதமும் எக்ஸல் ஷீட்டும் கடைசியில் நம்முடைய மேசைக்குத்தான் வரும். அடுத்த ஏழு மாதம் அந்தக் கோப்பு என் கையில் இருந்தது. மாமாவின் இரண்டு கேள்விக்கும் பதில் "ஓம், ஆனால்..." என்றுதான் வந்தது. இலக்கங்களை இங்கே முழு எண்ணாக்கித் தருகிறேன்.

முதல் சிக்கல், முப்பதாயிரம் என்பதை எப்படிக் காட்டுவது? மாமாவிடம் ஸ்டொக் புத்தகம் இல்லை. பெரும்பாலான சிறு கடைகளிலும் இருக்காது. காப்புறுதிக் கொம்பனி அனுப்பும் லாஸ் அட்ஜஸ்டர் படங்களைப் பார்ப்பார், நனைந்த மூட்டைகளை எண்ணுவார். அவர் பார்த்து முடியும்வரை ஒன்றையும் எறியக்கூடாது. உணவுச் சாமான் என்பதால் நகரசபையின் சுகாதார அதிகாரியிடம் "இது மனிதர் உண்ண உதவாது" என்று ஒரு சான்றிதழும் எடுத்தோம். மூடிய டின்னென்றாலும் கழிவுநீர் பட்டது என்றால் விற்க முடியாது. அந்தத் தாள் இருந்ததால் டின்களைப் பற்றி வாக்குவாதமே வரவில்லை.

ஆனால் தண்ணீரில் கரைந்த மாவை யார் எண்ணுவது? அதற்குப் பின்பக்கமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். மார்ச் 31-இல் எண்ணிய ஸ்டொக் 38,000 பவுண்ஸ். அதிலிருந்து வெள்ளம் வந்த நாள்வரை வாங்கியது, மொத்த வியாபாரிகளின் இன்வொய்ஸ்படி, 92,000. இரண்டையும் கூட்டினால் 130,000. அதே காலத்தில் டில்லில் பதிவான விற்பனை, வற் வரி நீங்கலாக, 100,000. கடையின் மொத்த லாபம் முந்தைய இரண்டு வருடக் கணக்கிலும் விற்பனையில் 20 வீதம். அப்படியென்றால் விற்றுப்போன சாமானின் கொள்விலை 80,000. மிச்சம் 50,000 கடையில் இருந்திருக்க வேண்டும். மேலே நனையாமல் இருந்ததை எண்ணினோம்: 20,000. ஆகவே போனது 30,000. மாமா மனக்கணக்காய்ச் சொன்னதும் அதுதான்! முப்பது வருடம் கடை நடத்தியவரின் கண் அது.

இங்கே எல்லாம் அந்த 20 வீதத்தில்தான் தொங்குகிறது. அது ஒரு வீதம் மாறினால் இழப்பு 1,000 பவுண்ஸ் மாறும். அட்ஜஸ்டர் அதைத்தான் நோண்டி நோண்டிக் கேட்டார். பழைய கணக்குகள் ஒழுங்காக இருந்ததால் தப்பினோம். இன்னொன்று, இது முழுக்கக் கொள்விலை. விற்றிருந்தால் வரும் லாபம் ஸ்டொக் காப்புறுதியில் வராது, அது வியாபாரத் தடைக்கான வேறு பகுதி.

அடுத்த அடி நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பொலிசியில் ஸ்டொக்குக்கு எழுதியிருந்த தொகை 40,000. போனதே 30,000தானே, தொகைக்குள்தான் இருக்கிறது என்று மாமா நினைத்தார். ஆனால் பொலிசியில் "அவரேஜ்" என்றொரு விதி இருந்தது. அன்றைக்குக் கடையில் இருந்த மொத்த ஸ்டொக் 50,000, காப்புறுதி செய்தது 40,000, அதாவது ஐந்தில் நாலு பங்கு. எனவே இழப்பிலும் ஐந்தில் நாலு பங்குதான் தருவார்கள். 30,000 என்பது 24,000 ஆனது. நாம் ஏற்க வேண்டிய முதல் 500-ஐக் கழித்தார்கள். கைக்கு வந்தது 23,500.

நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் சாமான் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பொலிசிகளில் இருக்கும். மாமா பலகைத் தட்டில்தான் அடுக்கியிருந்தார், படமும் இருந்தது. இல்லாவிட்டால் 23,500 கூட வந்திராது.

இனி வரி. நனைந்த ஸ்டொக்கைத் தனியாக ஒரு செலவு என்று எழுதிக் கழிக்கலாம் என்றுதான் மாமா நினைத்தார். கவனியுங்கள். வருட முடிவில் எண்ணும்போது அந்த 30,000 சாமான் அங்கே இல்லை. கடைசி ஸ்டொக் அந்த அளவுக்குக் குறைந்து, விற்ற சாமானின் செலவு தானாகவே 30,000 கூடிவிடும். இழப்பு ஏற்கெனவே லாபத்திலிருந்து கழிந்துவிட்டது. அதன் மேல் இன்னொரு 30,000 செலவு எழுதினால் ஒரே அரிசியை இரண்டு தரம் கழித்ததாகும். வரித் திணைக்களம் பார்த்தால் அபராதம்தான்.

சரியான வழி எளிது. கொள்வனவுக் கணக்கிலிருந்து 30,000-ஐ எடுத்து "வெள்ளத்தில் இழந்த ஸ்டொக்" என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். காப்புறுதி தந்த 23,500-ஐ அதே கணக்கில் வரவு வைக்க வேண்டும். மிச்சம் 6,500தான் உண்மையான இழப்பு. இதனால் இன்னொரு நன்மை, வழக்கமான 20 வீத லாபம் கணக்கில் குலையாமல் நிற்கும். லாபம் திடீரென்று சரிந்தால் திணைக்களத்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

மாமாவின் கடை லிமிட்டட் கொம்பனி. அந்த வருடம் கோப்பரேஷன் டக்ஸ் 19 வீதம். 6,500-க்கு 1,235 பவுண்ஸ் வரி குறைந்தது. கடைசியில் அவர் கையை விட்டுப் போனது 5,265.

"காப்புறுதிக் காசு நட்டஈடுதானே, அதுக்கு ஏன் வரி?" என்று மாமா விடாமல் கேட்டார். இந்தக் கேள்வி 1929-லேயே பிரபுக்கள் சபைவரை போய்விட்டது. கிளிக்ஸ்டன் என்ற மர வியாபாரக் கொம்பனியின் மரம் எரிந்து, புத்தக விலையைவிட மிக அதிகமாகக் காப்புறுதி கிடைத்தது. அந்த மேலதிகத்துக்கு வரி இல்லை என்று அவர்கள் வாதாடித் தோற்றார்கள். ஸ்டொக்குக்குப் பதிலாக வரும் காசு, விற்று வந்த காசு மாதிரியே வியாபார வரவுதான். சாமான் வாங்கியதைச் செலவாகக் கழித்திருக்கிறோமே!

கொம்பனி இல்லாமல் தனியாளாகக் கடை நடத்தி, காசு வந்தால் வரவு, போனால் செலவு என்ற முறையில் கணக்கு வைப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக இருக்கும். சாமானுக்குக் காசு கொடுத்த அன்றே அது கழிந்துவிட்டது. இழப்புக்கென்று கழிக்க எதுவும் மிச்சமில்லை. காப்புறுதிப் பணம் வந்த வருடத்தில் முழுவதும் வருமானம். அது அடுத்த வரி வருடத்தில் வந்தால் அந்த வருட வரி பெருத்துத் தெரியும், அதற்குக் காசு ஒதுக்கி வைக்க வேண்டும்.

வற் வரியில் சின்ன விஷயம்தான். அரிசி, பருப்புக்கு வற் இல்லை, கொறிக்கும் சாமான்கள் சிலவற்றுக்கு 20 வீதம். வாங்கும்போது கட்டிய அந்த வரியைப் பதிவு செய்த கடை திருப்பி எடுத்திருக்கும். சாமான் அழிந்ததற்காக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. விற்காததால் விற்பனை வற்றும் இல்லை. ஆனால் காப்புறுதிக்குக் காட்டும் கொள்விலையில் வற்றைச் சேர்க்கக்கூடாது. வற் பதிவு இல்லாத கடைக்குத்தான் சேர்த்துக் கேட்க உரிமை.

இப்போது மாமா வருடத்தில் ஸ்டொக் மிக உயரும் கிழமையில் எண்ணி, அந்தத் தொகைக்குத்தான் பொலிசி எடுக்கிறார். பிரீமியம் கூடிவிட்டது என்று ஒவ்வொரு தரமும் எனக்கு போன் வரும்.