எடுத்த தரவு – 9: டிசம்பராகிப்போன கதவு எண்

போன இதழில் வாக்காளர் பட்டியல் பிடிஎஃப்பிலிருந்து பெயர், வயது, கதவு எண் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தோம். எடுத்ததை சிஎஸ்வியாக வைப்பதா, ஜேசானாகவா, எக்செல் தாளாகவா என்பது இந்த வாரக் கேள்வி. அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கப்போவது யார், எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதே என் வாதம்.

202 இராஜபாளையம், 203 ஸ்ரீவில்லிபுத்தூர் (தனி) தொகுதிகளை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு தெருவில் 5/12, 5/32, 15/32 என்று மூன்று கதவு எண்கள். சிஎஸ்வியில் இவை வெறும் எழுத்துகள். இன்ன வகை என்று சொல்ல அதில் இடமே இல்லை. அதை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால், நம் ஊர்த் தேதி அமைப்பில் 5/12 டிசம்பர் ஐந்தாகிவிடும். 32 என்று மாதம் இல்லாததால், அதை ஆண்டாகக் கொண்டு 5/32 மே மாதமாகும். 15/32 மட்டும் எந்தத் தேதியிலும் அடங்காமல் தப்பும். ஒரே பத்தியில் சில எண்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் சேதம் நடந்துவிட்டது என்று அறியலாம். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் கோப்பிலிருந்தே போய்விடும். 04563 என்ற எஸ்டிடி குறியீடும் இப்படித்தான் முன்பூச்சியத்தை இழக்கிறது.

மேற்கோள்குறி போட்டால் போதாதா என்பார்கள். போதாது: சிஎஸ்வியில் அது உள்ளே வரும் காற்புள்ளியைக் காக்கும், வகையைக் காக்காது. ஆகவே அடுத்து சரிபார்க்கப்போவது மனிதர் என்றால், கதவு எண் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் வகையாக்கிய எக்செல் கோப்பையே கொடுங்கள். அடுத்தது பைத்தான் நிரல் என்றால் சிஎஸ்வி போதும். எல்லாவற்றையும் எழுத்தாகவே படி என்று அதற்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்:

```
pd.read_csv("202.csv", dtype=str)
```

எக்செல்லிலேயே எல்லாவற்றையும் முடிக்கலாமே என்போருக்கு இங்கிலாந்தின் 2020 பாடம் உண்டு. ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் தாளில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சிய வரிகள் ஓசையின்றி உதிர்ந்தன. தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரிகளைத் தாங்கும் என்பது ஆறுதல்தான். ஆனாலும் ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குக் கொடுப்பதை மனிதருக்கான தாளில் ஏற்றி இறக்கினால் அதன் வரம்புகளும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் ஜேசானா? அதில் "5/12" எழுத்தாகவே நிற்கும், உண்மைதான். ஆனால் வரிக்கு ஒரு வாக்காளர் என்ற தட்டையான பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பத்திப் பெயர்களைத் திரும்ப எழுதி அது கோப்பைப் பருக்கவைக்கும். ஒரு வீட்டுக்குள் நான்கு வாக்காளர்கள் என்று அடுக்கி, வீடு வீடாகக் கேட்கும் நிரலுக்குக் கொடுக்கும்போதுதான் ஜேசானுக்கு வேலை. அந்த அடுக்கை இன்று பிரித்துக்காட்ட நினைத்தேன். டிசம்பர் இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம்.