வாளோடு நிற்கும் பையன் எந்த நாற்காலியில்?

டாரட் சீட்டு பார்க்க வருகிறவர்களில் பலருக்கு மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: "அவர் என்னிடம் எதையாவது மறைக்கிறாரா?" அந்த நேரம் பார்த்துப் பேஜ் ஆஃப் ஸோர்ட்ஸ் சீட்டு விழுந்துவிட்டால், கேட்டவர் முகம் வாடிவிடும். கையில் வாள், திரும்பிப் பார்க்கும் தலை. "இது வேவு பார்க்கிற சீட்டாமே?" என்பார்.

அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் சீட்டுப் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது, வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். தன் விளக்க நூலில் இந்தச் சீட்டுக்கு வெய்ட் கொடுத்த பொருள்கள் அதிகாரம், மேற்பார்வை, விழிப்பு, வேவு, சோதனை போன்றவை. வம்புப் பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை. காதலும் இல்லை, துரோகமும் இல்லை. அவையெல்லாம் பின்னால் வந்த வாசிப்பாளர்கள் சேர்த்தவை. எனவே இந்தச் சீட்டைக் காட்டி "உங்க வீட்டுக்காரர் ஏமாத்துறார்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அது சீட்டில் இல்லாத சரக்கு.

படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேட்டு நிலத்தில் ஓர் இளைஞன். இரண்டு கையாலும் வாளைப் பிடித்திருக்கிறான், ஆனால் யாரையும் வெட்டவில்லை. வாள் ஒரு பக்கம், முகம் மறுபக்கம். முடியும் மரங்களும் காற்றில் பறக்கின்றன, வானத்தில் மேகம் குவிந்து கிடக்கிறது, மேலே ஒரு பறவைக் கூட்டம். எதிரி என்று யாரும் படத்தில் இல்லவே இல்லை! வருவான் என்று எதிர்பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். சந்தேகப்படும் மனதை இதைவிடத் துல்லியமாக வரைய முடியுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பேஜ் என்பது வீரர்களிடம் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பையன். வாள் வரிசை பேச்சையும் சிந்தனையையும் குறிப்பது. ஆகவே இவன் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டிருக்கும் பையன். அந்தக் கேள்வி வெறும் ஆர்வமா, ஊர் வம்பா, நேர்மையான விசாரிப்பா என்பதைச் சீட்டு தனியாகச் சொல்லாது. விரிப்பில் அது எந்த இடத்தில் விழுந்தது, பக்கத்தில் எது இருக்கிறது என்பதுதான் சொல்லும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவர் சில மாதங்களாக இரவு பத்து மணிக்கு மேல்தான் வருகிறார், போனைக் கவிழ்த்து வைக்கிறார். மனைவி ஐந்து சீட்டு எடுக்கிறார். இடங்கள் வரிசையாக: இப்போது நடப்பது, கணவர் நிலை, தன் பங்கு, வெளியிலிருந்து வருவது, அடுத்து செய்ய வேண்டியது.

முதல் இடத்தில் டூ ஆஃப் ஸோர்ட்ஸ். கண்ணைக் கட்டிக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண். பேச்சு நின்றுபோன வீடு. கணவர் இடத்தில் எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ், பெஞ்சில் குனிந்து தட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளி. மூன்றாவதாக நம் வாள் பையன். நான்காவதில் தலைகீழாக த்ரீ ஆஃப் கப்ஸ், கிண்ணம் தூக்கிக் கூடி நிற்கும் மூன்று பெண்கள். கடைசியில் குயீன் ஆஃப் ஸோர்ட்ஸ்: ஒரு கையில் நிமிர்ந்த வாள், இன்னொரு கை "வந்து பேசு" என்பதுபோல் முன்னால் நீண்டிருக்கிறது.

வேவுச் சீட்டு என்றதும் மனைவி அதைக் கணவர் தலையில் கட்டப் பார்ப்பார். ஆனால் அது விழுந்தது அவருடைய சொந்த நாற்காலியில். சட்டைப் பையைத் துழாவுவது, கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பார்ப்பது, அவருடைய நண்பரிடம் பேச்சுவாக்கில் போட்டு வாங்குவது எல்லாம் இந்தப் பையன் வேலை. அடுத்த சீட்டு, தோழிகள் வட்டத்தில் இந்த விஷயம் ஏற்கெனவே கண், காது, மூக்கு வைத்து ஓடுகிறதா என்று கேட்கச் சொல்கிறது. முதலில் சந்தேகம் யாருக்கு வந்தது, உங்களுக்கா, "எதுக்கும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொன்ன தோழிக்கா? நல்ல வாசிப்பாளர் இங்கேதான் நிறுத்தி நேரம் எடுத்துக்கொள்வார்.

இதே பையன் நான்காவது இடத்தில் விழுந்திருந்தால் வெளியிலிருந்து வரும் தகவலை நம்பாதே என்று படிப்போம். ஐந்தாவதில் விழுந்திருந்தால், போய்க் கேள் என்று அர்த்தம். இரண்டாவதில் விழுந்து, பக்கத்தில் செவன் ஆஃப் ஸோர்ட்ஸும் இருந்தால் சந்தேகத்துக்கு வலு கூடும். முகாமிலிருந்து வாள்களை அள்ளிக்கொண்டு நழுவுகிறவன் படம் அது. அப்போதுகூட அது சாட்சி ஆகாது. கணவர் எங்கே இருந்தார் என்பது அட்டைக்குத் தெரியாது.

நம் உதாரணத்தில் கடைசிச் சீட்டு ராணி. பையன் அரைகுறையாகச் செய்வதை முழுதாகச் செய்பவள். நடைமுறையில் என்ன வித்தியாசம்? "ஆபீஸ்ல யாரு அவ?" என்பது பையன் கேள்வி. பதிலைத் தானே முடிவு செய்துகொண்டு, ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் எதிர்பார்ப்பது. "கொஞ்ச நாளா பத்து மணிக்கு மேலதான் வர்றீங்க, போனையும் கவுத்து வைக்கிறீங்க. எனக்கு மனசு சரியில்ல, என்னன்னு சொல்லுங்களேன்" என்பது ராணி கேள்வி. கண்ணால் கண்டது மட்டும் அதில் இருக்கிறது. வேலைப் பளுவோ, கடனோ, இன்னொரு பெண்ணோ, எந்தப் பதிலுக்கும் அதில் இடம் இருக்கிறது.

வாசிப்பு தடம் புரள்வதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் அறிகுறி, "இன்னொரு சீட்டு எடுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்பது. பிடித்த பதில் வரும்வரை எடுப்பதும் துருவுவதுதான், போனுக்குப் பதில் சீட்டுக் கட்டு. இரண்டாவது, "இந்தச் சீட்டு என்னை விடவே மாட்டேங்குது" என்ற பயம். கட்டில் மொத்தம் 78 சீட்டு. தினம் ஐந்து எடுத்தால் எந்த ஒரு சீட்டும் சராசரியாக மாதம் இருமுறை வரத்தான் செய்யும். அது கணக்கு, சகுனம் அல்ல. மூன்றாவது, எதிரில் இருப்பவர் "ஒரு பெண் தெரிகிறாள், பெயர் இந்த எழுத்தில் ஆரம்பிக்கும், பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும்" என்று இறங்கிவிட்டால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அங்கே இல்லாத மூன்றாம் நபரின் மனதைப் படித்துச் சொல்ல மாட்டோம் என்று பொறுப்பான வாசிப்பாளர்கள் பலர் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

சந்தேகம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்வியை மாற்றித்தான் பார்க்க வேண்டும். "அவர் ஏன் என்னை நம்பவில்லை?" என்று கேட்டால் சீட்டை வைத்துக் கதை கட்டத்தான் முடியும். "அவர் கேட்கும்போது நான் எப்படிப் பதில் சொல்கிறேன்?" என்று கேட்டால் ஏதாவது உருப்படியாகக் கிடைக்கும்.

ஆனால் பாஸ்வேர்டைப் பிடுங்குவது, யாரோடு பேசலாம் என்று கட்டளை போடுவது, கேள்வி கேட்டால் கை ஓங்குவது என்று போய்விட்டால் அது சீட்டு விரிக்கும் விஷயமே அல்ல. அப்படி ஒரு வீட்டில் இருக்கும் பெண் தமிழ்நாட்டில் எந்த நேரமும் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.