வெண்பா அடியை அலகிடுவது எப்படி?

வானம் கறுத்து மழைபெய்தால் நெல்வயலில்
தேரை குரல்கொடுக்கும் பார்.

பயிற்சிக்காகப் புனைந்த குறள் வெண்பா இது. அலகிடும்போது புள்ளி எழுத்தைத் தனியே எண்ணுவதில்லை. அது முன்னெழுத்தோடு சேரும். தனிக் குறிலோ நெடிலோ நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை. மாணவர்கள் தடுமாறுவது ‘நெல்’லில்தான்: குறிலை ஒற்று அடைத்துவிட்டதால் அது அடுத்த குறிலோடு சேராது.

வா/னம்: நேர் நேர், தேமா. கறுத்/து: நிரை நேர், புளிமா. மழை/பெய்/தால்: நிரை நேர் நேர், புளிமாங்காய். நெல்/வய/லில்: நேர் நிரை நேர், கூவிளங்காய்.

இனித் தளை. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர். அடி மாறும் இடத்திலும் இது பொருந்தும்: காயில் முடிந்த ‘நெல்வயலில்’ அடுத்த அடியின் ‘தேரை’யைச் சரியாகச் சந்திக்கிறது. ‘பார்’ என்ற ஓரசை ஈற்றுச்சீருக்கு ‘நாள்’ என்று பெயர்.

பயிற்சிக்கு இரண்டு அடிகள்:

மாலை நிலவெழுந்து வீட்டெதிரே நின்றால்
பாட்டி கதைசொல்லப் பேரன் கேட்டான்

முதலாவதின் உள்ளே தளை பிசகவில்லை; ஆனால் அடி மாறும் இடத்தில் ‘நின்றால்’ என்ற தேமாவின்பின் ‘பாட்’ என நேர் வந்து தளை தட்டுகிறது. இரண்டாவதில் ‘பேரன்’ தேமா. அதன்பின் ‘கேட்’ என நேர் வந்து தளை தட்டுகிறது. ‘சிரித்தான்’ என்று மாற்றினால் நிரை கிடைத்துவிடும்.