கணக்கு சரி, குல்லா இறுக்கம்

கண்ணிகளைப் பிசகாமல் எண்ணிப் பின்னிய உல்லன் குல்லாவும் சில சமயம் தலைக்குச் சேராமல் போகும். வட்டமாகப் பின்னும் குல்லாவில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. காரணம் பெரும்பாலும் குல்லாவில் இல்லை. அதற்கு முன்னால் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டில் இருக்கிறது.

ஒரு குல்லாவை எடுத்துக்கொள்ளலாம். தலையின் சுற்றளவு 56 செ.மீ. பின்னல் இழுத்தால் விரியும் என்பதால் குல்லா 50 செ.மீ. இருந்தாலே தலையைப் பிடித்து நிற்கும். நூல், 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வரும் நடுத்தரத் தடிமன் கம்பளி. ஊசி 5 மி.மீ. மாதிரித் துண்டைப் பின்னி, அலசி, உலர்த்தி அளந்ததில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் இருந்தன. அதாவது ஒரு கண்ணிக்கு 5 மி.மீ. எனவே 50 செ.மீ. குல்லாவுக்கு 100 கண்ணிகள். அதே நூல், அதே ஊசி, அதே கை. ஆனால் பின்னி முடித்து, அலசி, உலர்த்தி, தட்டையாக விரித்து அளந்தபோது அகலம் 22.5 செ.மீ. தான். சுற்றளவு 45 செ.மீ. ஐந்து செ.மீ. எங்கே போயிற்று?

முதலில் எளிய காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ஊசியில் கண்ணி தவறியிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் 100 அப்படியே இருக்கிறது. விளிம்புப் பட்டைக்கு எடுத்த சிறிய ஊசியை மாற்ற மறந்திருக்கலாம், இங்கே மாற்றப்பட்டிருக்கிறது. கண்ணிகள் முறுக்கிக்கொண்டிருந்தாலும் துணி இறுகும். முறுக்கிய கண்ணியின் இரண்டு கால்களும் அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு நிற்கும். இந்தக் குல்லாவில் அவை கூம்பாக, விரிந்தே இருக்கின்றன. நூலும் ஒரே உருண்டையிலிருந்து வந்ததுதான்.

மிஞ்சுவது ஒரே வேறுபாடு: மாதிரித் துண்டு தட்டையாகப் பின்னப்பட்டது, குல்லா வட்டமாக. தட்டைப் பின்னலில் ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்ப வேண்டும். முன்பக்கம் வழவழப்பாக அமைய, ஒரு வரிசை நிட், திரும்பி வரும் வரிசை பர்ல் என்று மாறி மாறிப் பின்ன வேண்டும். நிட்டுக்கு நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும், பர்லுக்கு முன்னால் வரும். கையின் அசைவும் மாறுகிறது. பலருடைய கையில் பர்ல் கண்ணி நிட்டைவிடச் சற்று தளர்ந்தே விழும். வட்டப் பின்னலில் துணி திரும்புவதே இல்லை. வழவழப்பான பகுதி முழுதும் நிட் மட்டுமே. மாதிரித் துண்டில் தளர்ந்த வரிசைகளும் இறுகிய வரிசைகளும் கலந்து சராசரியாகக் கண்ணிக்கு 5 மி.மீ. காட்டின. குல்லாவில் தளர்ந்த வரிசைகளே கிடையாது. கண்ணி 4.5 மி.மீ. ஆகச் சுருங்கியது. அரை மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. நூறு கண்ணிகளில் அதுவே 5 செ.மீ.

இதற்கான சான்று மாதிரித் துண்டின் பின்பக்கத்தில் இருக்கும். அங்கே மேடு வரிசைகள் சீரான இடைவெளியில் இல்லாமல் இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவில் மெல்லிய பள்ளம் ஓடினால், நிட்டும் பர்லும் ஒரே இறுக்கத்தில் விழவில்லை என்று பொருள்.

உறுதிப்படுத்த, வட்டப் பின்னலைப் போலவே ஒரு மாதிரி பின்ன வேண்டும். வட்ட ஊசியில் 30 கண்ணிகள் ஏற்றி ஒரு வரிசை நிட் பின்ன வேண்டும். பிறகு துணியைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கமாகத் தாராளமாக இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் நிட் பின்ன வேண்டும். ஓரக் கண்ணிகள் தொளதொளவென்று இருக்கும். நடுவில் 10 செ.மீ. மட்டும் அளந்தால் போதும். இந்தக் கைக்கு அங்கே 22 கண்ணிகளுக்குச் சற்று மேல் வரும்.

திருத்தம் இரண்டு வகை. துணியின் இறுக்கம் பிடித்திருந்தால் கண்ணிகளைக் கூட்டலாம். 50 செ.மீ.க்கு 111 கண்ணிகள் வேண்டும். விளிம்பின் இரண்டு நிட், இரண்டு பர்ல் அமைப்புக்கு எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உச்சியை எட்டுப் பங்காகக் குறைத்து முடிப்பதானால் எட்டாலும் வகுபட வேண்டும். ஆகவே 112. துணி விறைப்பாகத் தோன்றினால் 100 கண்ணிகளையே வைத்துக்கொண்டு 5.5 மி.மீ. ஊசிக்கு மாறலாம்; அதற்கும் புதிய வட்ட மாதிரி அவசியம். முடிந்த குல்லாவை ஈரத்தோடு இழுத்துக் காயவைப்பது நிலையான தீர்வாகாது. உடுத்தி, துவைக்கும்போது கம்பளி பழைய அளவை நோக்கித் திரும்பிவிடும்.

பர்ல் இறுக்கமாக விழும் கையும் உண்டு. அந்தக் கைக்கு இதே கணக்கில் குல்லா பெரிதாகிக் கண்ணை மறைக்கும். எந்தக் கையானாலும், வட்டமாகப் பின்னும் பொருளுக்கு வட்டமாகப் பின்னிய மாதிரியின் அளவுதான் பொருந்தும்.