கரிசல் பிடித்துக்கொள்ளும், மணல் விட்டுவிடும்

கோவில்பட்டிக் கரிசலிலும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் ஒரே அளவு பொட்டாஷ் போடுங்கள். பலத்த மழை பெய்த பிறகு, கரிசலில் சாம்பல்சத்தின் பெரும்பகுதி வேர் எட்டும் ஆழத்திலேயே நிற்கும். தேரியில் கணிசமான பங்கு தண்ணீரோடு கீழே போய்விடும். இந்த வேறுபாட்டை அளந்து சொல்வதுதான் நேர்மின் அயனி பரிமாற்றத் திறன்.

கரிசலில் அதிகம் இருக்கும் களிமக் கனிமம் மாண்ட்மோரில்லோனைட். இது உருவாகும்போதே, அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்சுமை, மெக்னீசியத்துக்கு இரண்டு. அதனால் இடத்துக்கு ஒன்றாக எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை நிரந்தரமாகச் சிக்குவதில்லை. வேர் ஹைட்ரஜன் அயனியை வெளியிட்டால், பொட்டாசியம் இடம் மாறி மண்கரைசலுக்கு வரும், வேர் அதை எடுத்துக்கொள்ளும். மின்சுமைக்கு மின்சுமை என்பதே இங்கே கணக்கு: ஒரு கால்சியம் அயனி உட்கார இரண்டு பொட்டாசியம் அயனிகள் எழுந்தாக வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். கரிசலின் திறன் கிலோவுக்கு 40 சென்டிமோல், மணலின் திறன் 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 2 சதவீத இடம் பொட்டாசியத்துக்கு. அப்படியானால் கரிசலில் 0.8, மணலில் 0.08 சென்டிமோல். ஒரு சென்டிமோல் பொட்டாசியத்தின் எடை 0.39 கிராம். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ. பெருக்கினால் கரிசலில் ஏறக்குறைய 624 கிலோ, மணலில் 62 கிலோ. விகிதம் ஒன்றுதான், இருப்பு பத்து மடங்கு வேறு. அதனால்தான் மணற்பாங்கான நிலத்தில் பொட்டாஷை அடியுரமாக ஒரே தடவையில் போடாமல் பிரித்துப் போடச் சொல்கிறோம்.

மணலின் திறனைக் கூட்ட மட்கு உதவும். மட்கின் திறன் கிலோவுக்கு சுமார் 200 சென்டிமோல். மண்ணில் அது 1 சதவீதம் கூடினால் திறன் 2 கூடும். 4 என்பது 6 ஆகும். ஆனால் அந்த 1 சதவீதம் என்பது ஹெக்டேருக்கு 20 டன் முற்றிய மட்கு. போடும் தொழுவுரத்தில் பெரும்பகுதி சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடுவதால், இது ஒரு பருவத்தில் முடிகிற வேலை இல்லை.

தேர்வில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. இந்தத் திறன் நைட்ரேட்டைப் பிடிக்காது, ஏனென்றால் அது எதிர்மின் அயனி. யூரியா முதலில் அம்மோனியமாகிக் களிமத்தில் ஒட்டும். நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாற்றியதும் பிடி விட்டுப்போகும். ஆகவே திறன் 40 உள்ள கரிசலிலும் தழைச்சத்தைப் பிரித்தே இட வேண்டும்.