ஒரே ஸ்லைடில் இரண்டு மொழி: எதை இரண்டு முறை எழுத வேண்டும், எதை வேண்டாம்?

500 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அந்தச் சின்னத் தாளில் 17 மொழிகள் இருக்கின்றன. ஆனாலும் நெரிசலாகத் தெரிவதில்லை. காரணம், எல்லா மொழியும் எல்லாவற்றையும் சொல்லவில்லை. 500 என்ற எண் பெரிதாக நிற்கிறது. முகப்பில் உள்ள உறுதிமொழி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. தமிழ் உள்ளிட்ட மற்ற 15 மொழிகள் பின்பக்கக் கட்டத்தில் மதிப்பை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

நம் ஊர்க் கூட்டங்களில் திரையில் ஓடும் ஸ்லைடுகள் இதற்கு நேர்மாறு. தமிழில் ஒரு வரி, அடியிலேயே அதன் ஆங்கிலம், மறுபடி தமிழ், மறுபடி ஆங்கிலம் என்று நிரப்பிவிடுகிறோம். இதனால் தமிழ் படிப்பவர் ஒவ்வொரு ஆங்கில வரியையும் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் படிப்பவருக்கும் அதே கதைதான். இருவருக்கும் பாதி ஸ்லைடு வீண்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழைக்காலம் தொடங்குகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சுகாதார ஆய்வாளர் டெங்கு பற்றித் தமிழில் பேசப்போகிறார். கேட்க வருபவர்களில் தமிழ்க் குடும்பங்களும் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. தமிழ் தெரியாத, ஆங்கிலம் படிக்கும் வெளிமாநிலக் குடும்பங்களும் உண்டு. சங்கச் செயலாளர் ஸ்லைடு தயாரிக்கிறார்.

வழக்கமாக அது எப்படி வரும்? 'டெங்கு பரவாமல் தடுக்கும் முறைகள்' என்று ஒரு தலைப்பு, அதன் ஆங்கிலம், கீழே ஐந்து குறிப்புகள், ஒவ்வொன்றும் இரு மொழியில். ஆக 12 வாக்கியங்கள். நீளமானவை அடுத்த வரிக்கு மடங்கும்போது 18 வரி ஆகிவிடும். பவர்பாயிண்ட்டின் அகலத்திரை ஸ்லைடு 7.5 அங்குல உயரம், அதாவது 540 பாயிண்ட். மேலும் கீழும் விளிம்பு விட்டால் ஒரு வரிக்குச் சுமார் 24 பாயிண்ட்தான் மிஞ்சும். வரி இடைவெளியும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால் எழுத்து 18 பாயிண்ட் பக்கம் வந்துவிடும். மென்பொருளே எழுத்தைத் தானாகச் சுருக்கிக்கொண்டு போவதால் தயாரிப்பவருக்கு இது உறைப்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்தான் கண்ணைச் சுருக்குவார்.

இதைச் சரிசெய்ய மொழிபெயர்ப்பைச் சுருக்கினால் போதாது. ஸ்லைடில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: மொழியே தேவைப்படாதவை, இரு மொழியிலும் கட்டாயம் வேண்டியவை, பேச்சிலோ கையேட்டிலோ போகக்கூடியவை.

முதலில் மொழி தேவைப்படாதவை. எண், படம், அம்புக்குறி, தேதி ஆகியவற்றை ஒரே ஒரு முறை போட்டால் போதும். டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். இதை வாக்கியமாக எழுதினால் இரு மொழியிலும் எழுத வேண்டும். முட்டை, புழு, கொசு என்று மூன்று படம் வைத்து நடுவில் 7–10 என்று பெரிதாகப் போட்டால் வாக்கியமே வேண்டாம். தண்ணீர் டிரம்மின் புகைப்படத்துக்கும் பெயர் வேண்டாம். ஆனால் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதற்கு மட்டும் இரு மொழியில் பெயர் வைக்கலாம். பார்த்தால் புரிகிற படத்துக்குப் பெயர் எழுதாதீர்கள். புரியாத படத்துக்கு எழுதாமல் விடாதீர்கள்.

அடுத்தது இரு மொழியிலும் வேண்டியது. ஒரு ஸ்லைடுக்கு அப்படி ஒரே ஒரு செய்திதான் இருக்கும். அதைத் தலைப்பாகவே வைத்துவிடுங்கள். 'தடுக்கும் முறைகள்' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதையே தலைப்பாக்கினால் கீழே உள்ள பாதிக் குறிப்புகள் தேவையற்றுப்போகும்.

```
வாரம் ஒருமுறை கொட்டுங்கள், தேயுங்கள், காயவையுங்கள்
Empty, scrub and dry every week

[முட்டை]  →  [புழு]  →  [கொசு]
        7–10 நாள் / days

[டிரம்]   [பூந்தொட்டித் தட்டு]   [ஃபிரிட்ஜ் பின்தட்டு / Fridge tray]
```

சதுர அடைப்புக்குள் இருப்பவை படங்கள். சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலம் வரும் இடத்தில் மட்டும் எழுத்தும் உண்டு. தமிழ்த் தலைப்பு 36 பாயிண்ட் இருக்கட்டும். இரண்டு வரிக்குப் போனாலும் பரவாயில்லை. ஆங்கிலம் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24. எல்லா ஸ்லைடிலும் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, ஒரே நிறத்தில், ஒரே இடத்தில். இரண்டாவது ஸ்லைடிலேயே பார்ப்பவரின் கண் தன் மொழி இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடும்.

மூன்றாவது, பேச்சில் போக வேண்டியது. ஏன் வாராவாரம், ஏன் வெறுமனே கொட்டினால் போதாது என்ற விளக்கம் இங்கே வரும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் தேய்க்கச் சொல்கிறோம் என்பதை ஆய்வாளரே தமிழில் சொல்லிவிடுவார். அப்படியானால் தமிழ் தெரியாதவருக்கு? அவருக்காக ஒரு சிறு ஆங்கிலக் குறிப்பு, 'Eggs stick to the walls' என்கிற அளவில், ஸ்லைடின் அடியில் இருக்கலாம். அதற்குத் தமிழ் வேண்டியதில்லை. தமிழர் காதால் கேட்டுவிட்டார். பேச்சு எந்த மொழியோ, திரையில் உள்ள விவரம் மற்ற மொழிக்குச் சாய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தமிழில் பேசி, அதையே தமிழில் விரிவாகத் திரையிலும் போட்டு, ஆங்கிலத்துக்கு இடமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். ஸ்லைடைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே பேச்சு கூடப் போகாது. தலைப்பு இரு மொழியிலும் இருக்க வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

இந்தச் சுருக்கம் செல்லாத இடமும் உண்டு. டெங்குவின் அபாய அறிகுறிகள் பற்றிய ஸ்லைடு அப்படிப்பட்டது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அதிகச் சோர்வு. இவை பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய பிறகே வரும் என்ற எச்சரிக்கை. இதில் ஒரு சொல்லைக்கூட ஒரு மொழிக்கு மட்டும் கொடுத்து மற்றதற்கு மறுக்க முடியாது. மருந்து அளவு, சட்ட நிபந்தனை, ஒப்புதல் படிவம் எல்லாம் இதே வகை. இங்கே இரண்டு தனி ஸ்லைடு போடுங்கள். ஒன்று முழுதும் தமிழ், அடுத்தது முழுதும் ஆங்கிலம். படமும் வரிசையும் மாறக் கூடாது. கூடவே இரு மொழியிலும் அச்சிட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

பக்கம் பக்கமாக இரண்டு பத்தி போடலாமே என்று தோன்றும். ஒற்றைச் சொற்களுக்கு அது நல்ல வழி. ஓர் அட்டவணையில் இடப்பக்கம் தமிழ்ப் பெயர், நடுவில் எண், வலப்பக்கம் ஆங்கிலப் பெயர் என்று வைத்தால் எண்கள் இருவருக்கும் பொதுவாகிவிடும். ஆனால் வாக்கியங்களுக்கு இது ஒத்துவராது. 'தேங்கியிருக்கிறதென்றால்' என்பதுபோல் தமிழில் ஒரு சொல்லே நீண்டுகொண்டு போகும். பவர்பாயிண்ட் அதை நடுவில் உடைக்காமல் முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். குறுகிய பத்தியில் வரிக்கு ஒன்றிரண்டு சொல்தான் நிற்கும். வலப்பக்கம் பல் விழுந்ததுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வாக்கியம் என்றால் மேலும் கீழுமாகத்தான் வைக்க வேண்டும். பத்தியாகப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் தமிழுக்கு 60, ஆங்கிலத்துக்கு 40 என்று இடம் விடுங்கள்.

வரி இடைவெளியிலும் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். பவர்பாயிண்ட்டின் இயல்பான ஆஃபீஸ் வடிவமைப்பில் உள்ளடக்கப் பெட்டியின் வரி இடைவெளி 0.9. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல் வரியில் 'மூ', 'கூ' வந்து, அதற்கு நேர் கீழே 'தீ', 'லி' வந்தால் இறங்கும் காலும் ஏறும் கொம்பும் முட்டிக்கொள்ளும். Line Spacing அமைப்பில் Multiple என்பதைத் தேர்ந்து 1.1 கொடுங்கள். தடித்த எழுத்தைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்; சிறிய அளவில் தடிக்கவைத்தால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம்; பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று வரைந்த வடிவம் இல்லாததால் மென்பொருள் எழுத்தை வெறுமனே சாய்த்துவிடும். வேறுபாடு காட்ட நிறமும் அளவும் போதும்.

எழுத்துருவில் பழைய பாமினி போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றுபவை. ஒரே பெட்டியில் இரு மொழியும் இருக்கும்போது முழுப் பெட்டிக்கும் பாமினியைக் கொடுத்தால் ஆங்கிலம் குளறும். வேறு எழுத்துருவைக் கொடுத்தால் தமிழ் குளறும். யூனிகோடு எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸில் உள்ள Nirmala UI, இலவசமாகக் கிடைக்கும் Mukta Malar, Catamaran ஆகியவற்றில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று இயைந்து நிற்கும். புதிய எழுத்துருவை இறக்கிப் பயன்படுத்தினால், சேமிப்பு அமைப்புகளில் 'Embed fonts in the file' என்பதைத் தேர்வு செய்யுங்கள். கையோடு ஒரு பி.டி.எஃப். நகலும் இருக்கட்டும். மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. திரையில் உள்ள ஆங்கிலத்தைக் கையால் மறைத்து, தமிழையும் படங்களையும் மட்டும் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது புரிகிறதா? பிறகு தமிழை மறைத்து அதையே கேளுங்கள். இரண்டு தடவையும் 'ஆம்' என்றால் ஸ்லைடு தயார். மறைத்தபோது எதுவுமே குறையவில்லை என்று தோன்றும் வரி ஏதாவது இருந்தால், அது எந்த மொழியில் இருந்தாலும் அழித்துவிடுங்கள்.