கூட்டல் நம் கையில் இருக்கட்டும்

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்கள் வந்து இறங்கும்போது கையால் எழுதிய டெலிவரி சலான் ஒன்றும் கூடவே வரும். அதைப் போட்டோ எடுத்து ஏஐ மொழி மாதிரியிடம் கொடுத்தால், கணக்கில் ஏற்றும்படி பிரித்துத் தந்துவிடும். தருவது சரியா என்பதில்தான் சிக்கல்.

சலானில் துணியின் ஜிஎஸ்எம் எழுதப்படவில்லை. மாதிரியோ 180 என்று போட்டுவிட்டது. வழக்கமாக வரும் எண் அது, ஆனால் தாளில் இல்லை. “எல்லாக் கட்டத்தையும் நிரப்பு” என்று கேட்டால் இப்படித்தான் ஆகும். “தாளில் இல்லாததற்கு null போடு, ஊகிக்காதே, தேதியில் நாள் முதலில், மாதம் அடுத்து, மொத்தத்தை நீ கூட்டாதே, எழுதியிருப்பதை அப்படியே எடு” என்று பிராம்ப்ட்டில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 3/4/25 என்பதை மார்ச் 4 ஆக்கிவிடும் ஆபத்தும் இதனால் குறையும்.

```json
{"dc_no": "0418",
 "date": "2025-04-03",
 "rolls_kg": [22.4, 21.8, 28.1, 22.7],
 "total_written": 90.0,
 "gsm": null}
```

சலான் எண் மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். வெறும் எண்ணாக வாங்கினால் முன்னால் உள்ள பூஜ்யம் நிற்காது.

இந்தப் பதிலின் வடிவத்தில் குறையே இல்லை. இந்த வடிவத்தில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஸ்கீமா வசதியைப் பல சேவைகள் தருகின்றன. அந்தச் சோதனையிலும் இது தேறிவிடும். ஒரு ரோல் 15 முதல் 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்ற நம் விதியையும் தாண்டிவிடும். ஆனால் நான்கு எடைகளையும் நம் நிரல் கூட்டினால் 95.0 வருகிறது, தாளில் இருப்பது 90.0. மூன்றாவது ரோலின் எடை 23.1, அந்த 3 கொஞ்சம் மூடினாற்போல் எழுதியிருந்ததால் 8 ஆகிவிட்டது. மொத்தத்தையும் மாதிரியே கூட்டியிருந்தால் 95 என்று போட்டிருக்கும், பிழை தெரியாமலே போயிருக்கும்.

இதற்குப் பிறகுதான் பலர் தவறுகிறார்கள். “கூட்டல் 90 வரவில்லை, திருத்து” என்று திருப்பி அனுப்புகிறார்கள். மாதிரி எந்த எடையையாவது ஐந்து கிலோ குறைத்து 90 வரவைத்துவிடக்கூடும். கணக்கு நேராகிவிடும், ஆனால் பதிவு பொய்யாகிவிடும். JSON உடைந்திருந்தாலோ ஒரு கட்டம் விடுபட்டிருந்தாலோ பிழையைச் சொல்லி ஒருமுறை திருப்பிக் கேட்கலாம். எண்ணே ஒத்துவராதபோது அதை மனிதரிடம்தான் அனுப்ப வேண்டும். ஸ்டோர்காரர் தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை நிமிட வேலை.

இந்த வலையிலும் ஓட்டை உண்டு. ஓர் எடை கூடி இன்னொன்று அதே அளவு குறைந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதனால், ஏற்கெனவே கையால் பதிந்த பழைய சலான்கள் ஐம்பதை முதலில் இதில் ஓட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு புதிய சலானைக் கொடுங்கள்.